சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

(இணைய மருந்துக்கடையில் வாடிக்கையாளர் இடறும் இடங்களைக் கண்டுபிடித்து அளப்பது பற்றி, மருந்தாளுநர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மாதாமாதம் ஆப்பில் ஆர்டர் போடுவது மகன். பெட்டி வந்து இறங்குவது அம்மா வீட்டு வாசலில். ஒருநாள் அம்மா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, இந்தத் தடவை ஊசிக்கு மூடி வேற கலரா இருக்கே? எப்பவும் சிவப்புல்ல வரும்?" மகன் அலுவலகத்தில் ஏதோ அவசரத்தில் இருந்தார். "கம்பெனிக்காரன் மாத்தியிருப்பாம்மா. ஊசி ஊசிதானே, போட்டுக்கங்க" என்றார். அம்மாவும் போட்டுக்கொண்டார். அன்று மாலை மகனின் போனுக்கு, 'டெலிவரி எப்படி இருந்தது?' என்று கடையிலிருந்து கேள்வி வந்தது. பெட்டி சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டதல்லவா? ஐந்து நட்சத்திரம் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அம்மாவுக்குச் சுகர் முன்னூற்றைத் தாண்டியிருந்தது. நல்லவேளை, டாக்டர் அனுபவசாலி. மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், "வீட்டுல ஊசி போடுற சாமானையெல்லாம் அப்படியே எடுத்துட்டு வாங்க" என்றார். பையைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

இங்கே இருக்கும் மருந்தாளுநர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுள்ளது. அதற்கென்று உள்ள சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலும், புதுவகைக் குப்பிகள் சிலவற்றிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கும். அந்தச் செறிவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் கோடுகளின் கணக்கு வேறு.

அம்மா வழக்கம்போல இருபதாவது கோடு வரை இழுத்தார். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அது 0.2 மில்லிலிட்டர். குப்பியில் இருந்ததோ 40 யூனிட் செறிவு. ஆக உடம்புக்குள் போனது 20 யூனிட் அல்ல, 8 யூனிட். இது திருப்பி நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் செறிவுள்ள இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு இழுத்திருந்தால், போயிருப்பது 50 யூனிட். சர்க்கரை சரசரவென்று இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

கடையின் பெயர் நமக்கு வேண்டாம். எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய ஒன்று இது. அந்தக் கடையில் யாரும் கவனக்குறைவாகவும் இல்லை. 40 யூனிட் சிரிஞ்ச் அன்றைக்குக் கையிருப்பில் இல்லை. மென்பொருள், 'ஒத்த பொருள்' என்று இன்னொன்றைக் காட்டியது. மகன் தொட்டார், கூடைக்குள் போய்விட்டது. சிரிஞ்சுக்கு மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே மருந்தாளுநரின் கண்ணுக்கு அது வரவே இல்லை.

இணைய மருந்துக்கடைகளில் நான் பார்க்கும் வேலை இதுதான். வாடிக்கையாளர் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறார் என்று வரைந்து பார்ப்பது. வழியில் எங்கெல்லாம் இடறுகிறார் என்று குறிப்பது. ஒவ்வோர் இடறலுக்கும் தீவிரம் எவ்வளவு, நிகழ்வெண் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, எதை முதலில் சரிசெய்வது என்று சொல்வது. அந்த அம்மாவின் மூடி விவகாரத்தை இந்த முறையில் போட்டால் பட்டியலில் எங்கே வரும்? வழக்கமாகச் செய்வதுபோலச் செய்தால் அடிமட்டத்தில் வரும். ஏன் அப்படி, என்ன செய்தால் மேலே வரும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வரைபடம்.

பெரும்பாலான கடைகளில் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடம், 'ஆப்பைத் திறக்கிறார்' என்று தொடங்கி, 'பெட்டி கைக்கு வந்தது' என்று முடியும். அது கடையின் பயணம். நோயாளியின் பயணம் அட்டையில் கடைசி ஐந்து மாத்திரை மிச்சமிருக்கும்போது தொடங்குகிறது. புதிய அட்டையிலிருந்து முதல் மாத்திரை சரியான வேளையில் உள்ளே போகும்போதுதான் முடிகிறது. இந்த இரண்டு முனைகளையும் சேர்த்து வரைந்தால்தான் மூடியின் நிறம் படத்துக்குள் வரும். அம்மா இடறியது பெட்டி வந்த பிறகு.

இன்னொன்று. மருந்து வாங்குவதில் வாடிக்கையாளர் என்பவர் பலநேரம் ஒருவரல்ல. பணம் கட்டுகிறவர் ஒருவர், விழுங்குகிறவர் இன்னொருவர். ஆகவே தாளில் இரண்டு வரிசை போடுங்கள். மேல்வரிசையில் மகன்: சீட்டைத் தேடுகிறார், படம் எடுத்து ஏற்றுகிறார், கூப்பன் போடுகிறார், பணம் கட்டுகிறார், நட்சத்திரம் கொடுக்கிறார். கீழ்வரிசையில் அம்மா: மாத்திரை தீரப்போகிறதென்று சொல்கிறார், பெட்டியை வாங்குகிறார், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பெயர் படிக்கச் சொல்கிறார், பழைய அட்டையோடு ஒட்டிப் பார்க்கிறார், போட்டுக்கொள்கிறார். கடையிலிருந்து வரும் கேள்விகள் அத்தனையும் மேல்வரிசைக்கே போகின்றன. கீழ்வரிசையில் இடறினால் கடைக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த இரண்டு வரிசைக்கும் கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே வாடிக்கையாளர் காண்பது. கீழே அவர் காணாதது. லின் ஷோஸ்டாக் என்பவர் 1984இல் சேவைகளை வரைபடமாகப் போடும் முறையை எழுதியபோது இந்தக் கோட்டைத்தான் முக்கியமாகச் சொன்னார். நம் விஷயத்தில் கோட்டுக்குக் கீழே மருந்தாளுநர் சீட்டைச் சரிபார்ப்பது, கிடங்கில் எடுப்பது, காலாவதித் தேதி பார்ப்பது, ஐஸ் பேக் வைத்துக் கட்டுவது, கூரியர் எல்லாம் வரும். மேலே தெரியும் ஒவ்வோர் இடறலுக்கும் கீழே ஒரு காரணம் இருக்கும். சில காரணங்களைக் கடையால் மாற்றவும் முடியாது.

ஓர் உதாரணம். டாக்டர் எழுதிய பிராண்ட் இல்லை, அதே மருந்து வேறு பிராண்டில் இருக்கிறது. "அதைக் கொடுத்துத் தொலையலாமே, ஏன் போன் பண்ணித் தொல்லை கொடுக்கிறார்கள்?" என்று வாடிக்கையாளர் கோபப்படுவார். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி இருக்கிறது. அட்டவணை எச், எச்1, எக்ஸ் ஆகியவற்றில் வரும் மருந்துக்குப் பதிலாக, உள்ளிருக்கும் சரக்கு ஒன்றாகவே இருந்தாலும், வேறொன்றைக் கொடுக்கக்கூடாது என்கிறது அதன் உட்பிரிவு ஒன்று. ஆகவே அந்த அழைப்பை நிறுத்த முடியாது. கையிருப்பு இல்லை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்ல மட்டும் முடியும். வேடிக்கை என்னவென்றால், மாத்திரையின் பிராண்டை மாற்ற இவ்வளவு கட்டுப்பாடு; சிரிஞ்சை மாற்ற ஒரு விரல் தொடுகை போதும்.

அடுத்தது நிகழ்வெண்.

எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணுவது சுலபம் என்று தோன்றும். எதனால் வகுப்பது என்பதில்தான் தவறு நடக்கும். கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை. ஒரு வாரத்தில் 1000 ஆர்டர். அவற்றில் 620 ஆர்டர்களுக்குச் சீட்டு வேண்டும். இன்சுலின் உள்ளவை 20.

நிகழ்வெண்ணுக்கு ஐந்து படி வைப்போம். ஆயிரத்துக்கு இரண்டு வரை என்றால் 1 மதிப்பெண். மூன்றிலிருந்து பத்து வரை 2. ஐம்பது வரை 3. இருநூறுக்குள் 4. இருநூறும் அதற்கு மேலும் 5.

அந்த வாரம் நான்கு இன்சுலின் பெட்டிகளில் ஐஸ் பேக் உருகித் தண்ணீராகப் போய்ச் சேர்ந்தது. ஆயிரத்தில் நான்கு என்று எழுதினால் மதிப்பெண் 2. ஆனால் மற்ற 980 பெட்டிகளில் ஐஸ் பேக்கே கிடையாது. அவற்றில் உருக என்ன இருக்கிறது? இருபதில் நான்கு என்பதுதான் சரியான கணக்கு. அது ஆயிரத்துக்கு இருநூறு, மதிப்பெண் 5. ஒரே நான்கு பெட்டி, வகுக்கும் எண்ணை மாற்றியதும் 2 என்பது 5 ஆகிவிட்டது. எனவே என் முதல் விதி: அந்த இடறல் நேரக்கூடிய வாய்ப்பு யாருக்கு உண்டோ அவர்களால் மட்டும் வகுக்க வேண்டும். கூடவே ஓர் எச்சரிக்கை: இருபது என்பது சின்ன எண். ஒரு பெட்டி கூடக்குறைய இருந்தாலே விகிதம் ஆடிப்போகும். மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் கூரியர்காரரின் சட்டையைப் பிடிக்கக்கூடாது.

சீட்டு நிராகரிப்பையும் பாருங்கள். 620 சீட்டுகளில் 93 திரும்பிவிட்டன. ஆயிரத்துக்கு 150, மதிப்பெண் 4. ஆனால் 'நிராகரிப்பு' என்பது ஒரே இடறல் அல்ல. பிரித்துப் பார்த்தால் 41 படங்களில் டாக்டர் பெயரோ தேதியோ இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. 28 பேர் சீட்டுக்குப் பதிலாக மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 16 சீட்டுகள் பழையவை. 8 சீட்டுகளில் கேட்ட மருந்தே இல்லை. முதல் வகைக்குக் கேமரா திரையில் ஒரு சட்டம் போட்டுக் காட்டினால் போதும். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் பெற்றோருக்காக வாங்கும் பிள்ளைகள். சீட்டு ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் போட்டுக் காட்டிப் பயனில்லை. ஒரே மருந்தால் தீராதவற்றை ஒரே பெயரில் எண்ணக்கூடாது.

எண்ணிக்கையில் வரவே வராதவர்களும் உண்டு. புகார் செய்பவர் பொறுமைசாலி. பொறுமை இல்லாதவர் பேசாமல் தெருமுனைக் கடைக்குப் போய்விடுவார். அவர்களைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. முப்பது நாள் மாத்திரை வாங்கியவர் அடுத்த ஆர்டரை நாற்பத்தைந்தாவது நாள் போட்டால், நடுவில் பதினைந்து நாள் என்ன ஆயிற்று? வேறெங்கோ வாங்கினார், அல்லது மருந்து இல்லாமல் இருந்தார். அப்படிப்பட்ட முப்பது பேரைக் கூப்பிட்டுப் பேசினால், புகார்ப் பெட்டியில் கிடைக்காதது கிடைக்கும்.

இனி தீவிரம்.

சாதாரணக் கடையில் தீவிரம் என்பது வாடிக்கையாளரின் எரிச்சல். மருந்துக்கடையில் அந்த அளவுகோல் உதவாது. இருநூறு ரூபாய்க் கூப்பன் ஏறவில்லை என்றால் மனிதர் கொதிக்கிறார். 8 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்ட அம்மாவுக்கு எந்த எரிச்சலும் இல்லை. ஆகவே நான் உடம்பை வைத்து ஐந்து படி போடுகிறேன். வெறும் எரிச்சல் என்றால் 1. நேரமோ பணமோ போனால் 2. ஆர்டரைக் கைவிட்டு வேறிடத்தில் வாங்க வேண்டி வந்தால் 3. ஒரு வேளை மருந்தாவது தவறினால் 4. தவறான மருந்தோ தவறான அளவோ உடம்புக்குள் போனால் 5.

இதில் ஒரு நுணுக்கம். ஒரே தவறு இரண்டு பேருக்கு இரண்டு தீவிரமாக இருக்கும். பெட்டி மூன்று நாள் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பத்து நாள் மாத்திரை கையிருப்பு உள்ளவருக்கு அது 2. நேற்றோடு அட்டை காலியானவருக்கு அது 4. அதனால்தான் வரைபடத்தைக் கடைசி ஐந்து மாத்திரையில் தொடங்கச் சொன்னேன். போன ஆர்டரின் தேதியும் அளவும் கடையிடம் இருக்கின்றன. யார் வீட்டில் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். தாமதமான நூறு பெட்டிகளில் எவற்றை முதலில் துரத்திப் பிடிப்பது என்பதை அது சொல்லிவிடும்.

ஐந்து மருந்து கேட்டு நான்கு வந்தது என்பதும் இப்படித்தான். மகனுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும், பணமும் திரும்பியிருக்கும். அம்மாவோ பெட்டி வந்துவிட்டது என்ற நிம்மதியில் இருப்பார். பிரஷர் மாத்திரை இல்லை என்பது பழைய அட்டை தீரும் அன்றுதான் தெரியும். பணக்கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லை; உடம்புக் கணக்கில் 4.

மதிப்பெண்ணை ஒருவர் மட்டும் போடக்கூடாது. மருந்தாளுநர் ஒருவரும் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர் ஒருவரும் தனித்தனியே போட வேண்டும். இரண்டு படிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். உருகிய ஐஸ் பேக் விஷயத்தில் அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழைப்பெடுப்பவர் 5 போட்டார், மருந்து கெட்டுவிட்டது என்று. மருந்தாளுநர் 2 போட்டார். இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் சில மணி நேரம் சாதாரண வெப்பத்தில் இருந்ததாலேயே அது கெட்டுவிடாது என்றார் அவர். பயன்பாட்டில் உள்ள குப்பியைக் குளிர்ந்த இடத்தில் வெளியே வைத்துச் சில வாரம் பயன்படுத்துகிறோமே என்றார். பிறகு அவரே ஒன்று சொன்னார்: "உருகினதைவிட, ஐஸ் பேக்கோட ஒட்டி இருந்து உறைஞ்சுபோனதுதான் ஆபத்து. உறைஞ்ச இன்சுலினைத் தூக்கித்தான் போடணும்." அதை யாரும் எண்ணியிருக்கவே இல்லை. உருகியதைக் கண்டு பயந்து குப்பியை வீசியவர்கள் அன்றைய ஊசியைத் தவறவிட்டிருந்தார்கள். அதற்காக 4 என்று முடிவாயிற்று.

இப்போது பெருக்கிப் பார்ப்போம். தீவிரத்தை நிகழ்வெண்ணால் பெருக்குவதுதான் எல்லோரும் செய்வது.

கூப்பன் ஏறாதது: 1 × 5 = 5
சீட்டு நிராகரிப்பு: 3 × 4 = 12
ஐந்தில் ஒரு மருந்து விடுபடுவது: 4 × 3 = 12
இன்சுலின் குளிர்ப்பெட்டி: 4 × 5 = 20
சிரிஞ்ச் பொருந்தாதது: 5 × 1 = 5

கடைசி வரியையும் முதல் வரியையும் சேர்த்துப் பாருங்கள். கூப்பன் ஏறாததும், அம்மாவுக்கு அளவு தவறியதும் ஒரே மதிப்பெண். இரண்டும் பட்டியலின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

கணக்கு எங்கே பிழைத்தது? நாம் போட்ட 1, 2, 3 எல்லாம் வரிசை எண்கள், எடையல்ல. தீவிரம் 5 என்பது தீவிரம் 1ஐப் போல ஐந்து மடங்கு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. ஐந்து கூப்பன் எரிச்சல்கள் சேர்ந்தால் ஒரு இன்சுலின் விபத்து ஆகிவிடாது. ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்தவரையும் மூன்றாவது வந்தவரையும் பெருக்கினால் என்ன கிடைக்கும்? அதுதான் இங்கேயும் கிடைக்கிறது.

வாகனத் தொழிலில் இருப்பவர்கள் இதே சுவரில் நெடுங்காலம் முட்டியிருக்கிறார்கள். பழுதுகளைத் தீவிரம், நிகழ்வு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு என்று மூன்றாக மதிப்பிட்டு மூன்றையும் பெருக்குவது அவர்கள் வழக்கம். 2019இல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. தீவிரத்துக்கு முதலிடம் கொடுத்து, அட்டவணையைப் பார்த்து முன்னுரிமை சொல்லும் முறைக்கு மாறியது.

நாமும் அப்படியே வரிசைப்படுத்துவோம். தீவிரம் 5 உள்ளவை தனி வரிசை. நிகழ்வெண் எதுவானாலும் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து 4, அந்த வரிசைக்குள் நிகழ்வெண்படி மேல் கீழ். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பவற்றை வேண்டுமானால் பெருக்கிக்கொள்ளுங்கள், பெரிய பாதகமில்லை. இப்போது பட்டியல் இப்படி மாறுகிறது: சிரிஞ்ச், குளிர்ப்பெட்டி, விடுபட்ட மருந்து, சீட்டு, கூப்பன்.

வாகனக்காரர்களின் மூன்றாவது கேள்வியையும் விட்டுவிடக்கூடாது: தவறு நடந்தால் நமக்குத் தெரியுமா? கூப்பன் ஏறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் போன் வரும். சிரிஞ்ச் மாறினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். தவறு நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே நான் போட்ட அந்த 1 என்பதே நம்பத்தகுந்ததல்ல. புகார்களை எண்ணி வந்த எண் அது. தேட வேண்டிய இடம் ஆர்டர் பதிவேடு. 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் சிரிஞ்சும் ஒரே கூடையில் போனவை எத்தனை, 100 யூனிட் கார்ட்ரிட்ஜும் சிவப்பு மூடி சிரிஞ்சும் சேர்ந்து போனவை எத்தனை என்று எடுத்துப் பார்க்க வேண்டும். பேனா உடைந்துவிட்டதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதிவேடும் முழு உண்மையைச் சொல்லாது. குப்பியைப் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கி, சிரிஞ்சை மட்டும் ஆப்பில் வாங்குகிறவர் அதில் அகப்பட மாட்டார். ஆகவே திருத்தம் இரண்டு இடத்தில் வேண்டும். முதலாவது, கோட்டுக்குக் கீழே: இன்சுலின் சிரிஞ்சுக்கு, 'ஒத்த பொருள்' காட்டுவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும், கூடையில் குப்பியும் சிரிஞ்சும் செறிவில் ஒத்துப்போகாவிட்டால், சீட்டு தேவைப்படாத பொருளானாலும் மருந்தாளுநரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, கோட்டுக்கு மேலே, விழுங்குகிறவரின் வரிசையில்: பெட்டிக்குள் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு துண்டுச்சீட்டு. 'குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி. 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. மாறியிருந்தால் போட்டுக்கொள்ளாமல் கூப்பிடுங்கள்' என்று எழுதி, மருந்தாளுநரின் போன் நம்பரும் போட வேண்டும்.

அந்த அம்மாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் தவறைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்டியைப் பிரித்த சில நிமிடத்தில், மென்பொருளும் கிடங்கும் மகனும் பார்க்காததை அவர் பார்த்துவிட்டார். சரியான கேள்வியையும் கேட்டார். நாம் வரைந்து வைத்திருந்த படத்தில் அந்தக் கேள்வி போய்ச் சேர ஓர் இடம் இல்லை. அதனால் அது பெங்களூருக்குப் போயிற்று; அங்கே ஐந்து நட்சத்திரமாக மாறிக் கடைக்கு வந்து சேர்ந்தது.